ஒரு கிராம் ஈஸ்டை ஒரு கிராம் தராசில் நிறுக்க முடியுமா?

தென்றல்மகள்

இரவில் மாவு பிசைந்து வைத்துக் காலையில் ரொட்டி சுடுகிறேன். கணக்கு எப்போதும் ஒன்றுதான்: மாவு 500 கிராம், தண்ணீர் 340, உப்பு 10, உடனடி ஈஸ்ட் 1 கிராம். பத்து மணி நேரம் மூடி வைக்கிறேன். சில நாள் காலையில் மாவு முக்கால் பாத்திரத்துக்கு உயர்ந்து, மேற்பரப்பு மெத்தென்று குவிந்திருக்கிறது. வேறு சில நாள் விளிம்பு வரை ஏறி, நடுவில் அமுங்கி, மூடியைத் திறந்ததும் சாராய வாடை வருகிறது. அப்படிப்பட்ட மாவு கையில் ஒட்டுகிறது, ரொட்டியும் தட்டையாகிவிடுகிறது.

எதையும் கரண்டியால் அளப்பதில்லை. என்னிடம் இருப்பது 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் படி காட்டும் சமையலறைத் தராசு. மாவு உள்ள பாத்திரத்தை அதன்மேல் வைத்து, பூஜ்யமாக்கி, ஈஸ்டைக் கரண்டி நுனியிலிருந்து சிறிது சிறிதாகத் தட்டுகிறேன். திரையில் 1 வந்ததும் நிறுத்திவிடுகிறேன். இவ்வளவு கவனமாக நிறுத்தும் ஏன் ஒரு நாளைப் போல மறுநாள் இல்லை? இன்னும் நுட்பமான தராசு வாங்குவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கரண்டிக்காரர்

சகோதரி, ஈஸ்ட் உயிருள்ள பொருள். மாவுக்குள் போனதும் தானே பெருகிக்கொள்ளும். 1 கிராம் போட்டாலும் ஒன்றரை கிராம் போட்டாலும் காலைக்குள் வித்தியாசம் மறைந்துவிடும். கால் தேக்கரண்டியைத் தலை தட்டிப் போடுங்கள், போதும். நான் பல ஆண்டுகளாகத் தராசே இல்லாமல்தான் சுடுகிறேன். மாவு இரண்டு மடங்கானதும் எடுத்துவிடுவேன், ஒருபோதும் கெட்டதில்லை.

புதியவன்27

எனக்கும் இதே சிக்கல்தான். சாப்பாட்டின் கலோரியைக் கணக்கிட ஒரு தராசு வைத்திருக்கிறேன். காலையில் ஒரு எடை, மாலையில் ஒரு எடை காட்டுகிறது. பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். நீங்களும் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

எடைக்கல்

தராசு பழுது பார்ப்பது என் தொழிலாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன் அம்மா: சிக்கல் உங்கள் கவனத்தில் இல்லை, பேட்டரியிலும் இருக்க வாய்ப்பில்லை. ஈஸ்டைத் தட்டும் அந்த முறையில்தான் இருக்கிறது. காரணங்கள் இரண்டு.

முதலாவது எளியது. 1 கிராம் படி உள்ள தராசு அரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் உள்ள எதையும் '1' என்றே காட்டும். அதாவது தராசு சொன்னதை அப்படியே கேட்டு நடந்தாலும், ஒரு நாள் 0.6 கிராம், மறுநாள் 1.4 கிராம் போகலாம். இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். தராசு பொய் சொல்லவில்லை. அந்தத் தராசால் அதைவிட நுணுக்கமாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது, ஆனால் உங்கள் விஷயத்தில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். தட்டுக்கு அடியில் ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவைத்தான் மின்சுற்று எடையாக மாற்றுகிறது. அறையின் வெப்பம் மாறினாலும் அந்தக் கட்டையின் அளவீடு மெல்ல நகரும். தட்டு வெறுமையாக இருக்கும்போது திரையில் 1, 2 என்று எண்கள் ஊர்ந்தால் வாங்கியவர் தராசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் அல்லவா? அதனால் பல தராசுகளில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: பூஜ்யத்தின் அருகே மிக மெதுவாக வரும் சிறு மாற்றத்தை 'இது எடையில்லை, வெறும் நகர்வு' என்று எடுத்துக்கொண்டு, பூஜ்யத்தைத் தானே திருத்திக்கொள்ளும்.

நீங்கள் பூஜ்யமாக்கிவிட்டுச் சிறிது சிறிதாகத் தட்டும் ஈஸ்டும் அதற்கு அப்படித்தான் தெரியும். நாலு துகள் விழுந்தது, பூஜ்யம் திருத்தப்பட்டது. மீண்டும் நாலு துகள், மீண்டும் திருத்தம். கடைசியில் கொஞ்சம் வேகமாகத் தட்டும்போதுதான் 1 என்று காட்டும். அதற்குள் எவ்வளவு உள்ளே போனது என்பது அன்றைய கையின் வேகத்தைப் பொறுத்தது. ஒன்றரையும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். நிதானமாகத் தட்டத் தட்டப் பிழை கூடும்.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் 5 மில்லி சிரிஞ்சு ஒன்று எடுங்கள். அறை வெப்பத்தில் 1 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம். உங்கள் மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். 3 மில்லி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் இடையில் மூச்சு விட நேரம் கொடுத்து விடுங்கள். திரை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு மீண்டும் பூஜ்யமாக்கி, இன்னொரு 3 மில்லியை ஒரே அழுத்தில் விடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு இங்கே எழுதுங்கள்.

அடுமனைச்செல்வன்

எடைக்கல் ஐயா சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. கரண்டிக்காரர் சொன்னதற்கு மட்டும் ஒரு வார்த்தை.

ஈஸ்ட் பெருகும் என்பது உண்மை. ஆனால் வித்தியாசம் மறைந்துவிடாது. ஒன்றரை மடங்கு ஈஸ்டோடு தொடங்கிய மாவும் அதே வேகத்தில்தான் பெருகுகிறது, எனவே கடைசிவரை முன்னாலேயே ஓடும். அது முதலில் உச்சிக்குப் போய், முதலில் சரியும். உங்கள் முறை உங்களுக்குப் பலிப்பதற்குக் காரணம், நீங்கள் மாவைப் பார்த்து முடிவெடுக்கிறீர்கள், கடிகாரத்தைப் பார்த்தல்ல. அது நல்ல பழக்கம்தான். ஆனால் தென்றல்மகள் அந்தப் பத்து மணி நேரமும் தூங்குகிறார். உச்சிக்கு வந்த மாவை நடு இரவில் எடுக்க யாரும் இல்லை. தூங்கும்போது எழும்பும் மாவுக்குத்தான் தொடக்க அளவு இவ்வளவு முக்கியம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே தராசில் அவர் நிறுக்கும் 10 கிராம் உப்பு, மொத்தமாகக் கொட்டி நிறுத்தால், 9.5 முதல் 10.5 வரை இருக்கும். 500 கிராம் மாவுக்கு அது நூற்றுக்கு 1.9 முதல் 2.1 வரை. நாக்குக்கும் தெரியாது, மாவுக்கும் தெரியாது. ஆக, தராசு உப்புக்கு நல்லது, ஈஸ்டுக்கு ஆகாது. நிறுக்கும் அளவு தராசின் படியைப்போல் பத்து மடங்காவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பது என் வழக்கம்.

தென்றல்மகள்

ஐயா, சோதித்துவிட்டேன். சொட்டுச் சொட்டாக விட்டபோது 3 மில்லியும் தீரும் வரை திரை 0-விலேயே நின்றது. ஒருமுறை மட்டும் 1 என்று மின்னி மீண்டும் 0-வுக்குப் போனது. ஒரே அழுத்தில் விட்டபோது உடனே 3. பாத்திரம் இல்லாமல் ஒரு சிறு கிண்ணத்தை வைத்துச் செய்தபோதும் இதேதான்.

அப்படியானால் நான் மெதுவாகத் தட்டிய இரவுகளில் மாவுக்குள் 2, 3 கிராம் போயிருக்கிறது. இப்போது எனக்குள்ள கேள்வி: இந்தத் தராசை வைத்துக்கொண்டே 1 கிராமைப் பிடிக்க வழி இருக்கிறதா?

அடுமனைச்செல்வன்

இருக்கிறது. சிறியதை நிறுக்காதீர்கள். பெரியதை நிறுத்துப் பங்கு போடுங்கள்.

ஒரு சிறு கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். ஈஸ்டை ஒரே தடவையில் கொட்டி 8 கிராம் எடுங்கள். கூடிவிட்டால் கரண்டியால் ஒரே அள்ளாக எடுத்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்கி மீண்டும் வைத்துப் பாருங்கள். தூக்கி வைக்கும்போது எடை திடீரென்று மாறுவதால் தராசு அதை நகர்வு என்று விழுங்க முடியாது. இப்போது கையில் இருப்பது 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் ஏதோ ஒன்று.

அதை ஒரு தாளில் கொட்டிக் கத்தி முதுகால் சீரான அகலத்தில், நீளமான பட்டையாகத் தட்டுங்கள். நடுவில் வெட்டினால் 4, 4. ஒரு பாதியை மீண்டும் பட்டையாக்கி வெட்டினால் 2. இன்னொரு முறை வெட்டினால் 1. தொடக்கத்தில் இருந்த அரை கிராம் சந்தேகமும் உங்களோடு சேர்ந்து மூன்று முறை பாதியாகிறது. கடைசிப் பங்கில் அது 0.06 கிராம்தான். கண்ணளவில் வெட்டும்போது வரும் பிழை அதற்கு மேல் கொஞ்சம் இருக்கும். முதல் இரண்டு பாதிகளைத் தனித்தனியாகத் தராசில் வைத்து இரண்டும் 4 காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டால் அதுவும் கட்டுக்குள் இருக்கும். மீதி 7 கிராம் உலர்ந்தே இருப்பதால் திரும்ப டப்பாவுக்குப் போய்விடும். ஒரு துகள்கூட வீணாகாது.

கிண்ணம் எஃகாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் ஈஸ்ட் துகள்கள் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும். 10 கிராமில் அது பொருட்டில்லை, 1 கிராமில் பொருட்டுண்டு.

மாலதி_க

இதைப் படித்துக்கொண்டே வந்தேன். என் வீட்டில் கதை வேறு. நான் செய்வது கேக். 200 கிராம் மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். சில முறை நடுவில் பள்ளம் விழுகிறது. இத்தனைக்கும் அடுப்புக் கதவை நான் திறப்பதே இல்லை. பேக்கிங் பவுடரையும் தண்ணீரில் கரைத்து, அளந்து ஊற்றினால் சமமாக வரும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா தம்பி?

அடுமனைச்செல்வன்

வேண்டவே வேண்டாம் அக்கா. பேக்கிங் பவுடருக்குள் அமிலமும் சோடாவும் உலர்ந்த நிலையில் அருகருகே காத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். கரைக்கும்போது குமிழ் குமிழாக வருகிறதே, அதுதான் கேக்குக்குள் போக வேண்டிய வாயு. அந்தக் கரைசலை ஊற்றும் நேரத்துக்குள் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

உங்களுக்குப் பங்கு போடும் வேலையே தேவையில்லை. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் 4 முதல் 5 கிராம் இருக்கும். டப்பாவில் நாள்பட அமுங்கிப்போன தூளை அழுத்தி அள்ளினாலோ, கொஞ்சம் குவியலாக எடுத்தாலோ 6-ஐத் தாண்டிவிடும். ஆக உங்கள் ஒன்றரைக் கரண்டி ஒரு நாள் 6 கிராம், இன்னொரு நாள் 9 கிராம். கூடுதலாகப் போன நாளில் கலவை உள்ளே வேகும் முன்பே குமிழ்கள் பெரிதாகி, உடைந்து, நடுப்பகுதி உட்கார்ந்துவிடுகிறது. கேக் நன்றாக வரும் நாளில் எடுக்கும் அந்த ஒன்றரைக் கரண்டியை ஒரே கொட்டலாகத் தராசில் போட்டுப் பாருங்கள். 7 காட்டினால் இனி எப்போதும் 7 கிராம். சாதாரண 1 கிராம் தராசே இதற்குப் போதும்.

பள்ளத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, கேக் முழுதாக வேகாமல் எடுத்தாலும் விழும். ஆனால் ஒரே செய்முறையில் சில நாள் மட்டும் விழுகிறது என்றால் முதலில் அளவைத்தான் சந்தேகப்படுவேன்.

மாலதி_க

உப்புக்கும் இப்படித்தானா? நான் அரைத் தேக்கரண்டி போடுகிறேன்.

அடுமனைச்செல்வன்

உப்பில் இன்னும் மோசம் அக்கா. பொடி உப்பு ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் உப்பு அதே கரண்டியில் பாதியளவே நிற்கும், இடையிடையே காற்று இருப்பதால். ஒரு பாக்கெட் தீர்ந்து வேறு வகை உப்பு வாங்கிய அன்று சுவை மாறிவிடும். அரைத் தேக்கரண்டி என்றால் 3 கிராம், அதை 1 கிராம் தராசில் நேராக நிறுப்பது கொஞ்சம் கடினம். உப்பு மட்டும் தண்ணீரில் முழுமையாகக் கரைந்து சமமாக நிற்கும் என்பதால் அதற்குக் கரைசல் பொருந்தும். 20 கிராம் உப்பை 180 கிராம் தண்ணீரில் கரைத்து வைத்தால், அதில் 30 கிராம் எடுக்கும்போது 3 கிராம் உப்பு வந்துவிடும். செய்முறையில் உள்ள தண்ணீரிலோ பாலிலோ 27 கிராமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டிக்காரர்

அப்படியென்றால் ஈஸ்டையும் கரைத்தே எடுக்கலாமே? பட்டை தட்டி வெட்டுவதெல்லாம் எதற்கு? 5 கிராம் ஈஸ்ட், 245 கிராம் தண்ணீர். அதில் 50 கிராம் எடுத்தால் 1 கிராம் ஈஸ்ட். கணக்கு நேராக இருக்கிறது.

அடுமனைச்செல்வன்

கணக்கு சரி. 50 கிராமை 1 கிராம் தராசு எளிதாக நிறுக்கும். மிகச் சிறிய அளவுகளுக்கு, 0.1 அல்லது 0.2 கிராம் வேண்டும் என்றால், நானும் இதைத்தான் செய்வேன். அங்கே பட்டை வெட்டிப் பயனில்லை.

ஆனால் ஈஸ்ட் உப்பைப்போல் கரைவதில்லை. செல்கள் தண்ணீரில் மிதந்து, நின்றால் அடியில் படியும். கலக்கியவுடன் மேலிருந்து எடுப்பதும், சற்று நேரம் விட்டு எடுப்பதும் ஒன்றாகாது. எடுக்கும் நொடியில் நன்றாகக் கலக்க வேண்டும். மீதி 200 கிராமைச் சேமிக்கவும் முடியாது, நேரம் போகப் போக அதன் வலு மாறும். தண்ணீரும் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் உலர் ஈஸ்டை நேராகப் போட்டால் செல்களுக்குள் இருக்கும் சில பொருள்கள் வெளியே கசிந்து மாவைத் தளரச் செய்யும். ஒரு ரொட்டிக்காக 4 கிராம் ஈஸ்டைக் கொட்ட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

கரண்டிக்காரர்

எனக்குத் தாளில் தூளைத் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. கலக்கிய கையோடு ஊற்றினால் படிவதற்கு நேரமே இருக்காது. இதில் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஈரக்காற்று

எல்லோரும் ஈஸ்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அறையின் வெப்பத்தை யாராவது கேட்டீர்களா? 22 டிகிரியில் பத்து மணி நேரம் பிடிக்கும் மாவு 28 டிகிரியில் ஆறு, ஏழு மணி நேரத்துக்குள் அதே இடத்துக்கு வந்துவிடும். ஈஸ்டை மில்லிகிராம் வரை நிறுத்தாலும் புழுக்கமான இரவில் மாவு வழியத்தான் செய்யும். என் பார்வையில் இது தராசுப் பிரச்சினையே இல்லை.

எடைக்கல்

வெப்பம் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர் தராசு 3 கிராமை 0 என்று காட்டியதை அவரே பார்த்துவிட்டார். 1 கிராமுக்குப் பதில் 3 கிராம் போனால் எந்த இரவும் தாங்காது. இரண்டும் கலந்திருக்கும்போது எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒன்றை நிலைநிறுத்தினால்தான் மற்றது தெரியும். ஈஸ்டை நிலைநிறுத்துவது எளிது, இரவின் வெப்பத்தை நிலைநிறுத்துவது எளிதல்ல. எனவே ஈஸ்டில் தொடங்கச் சொல்கிறேன்.

தென்றல்மகள்

சில நாள்களாகப் பட்டை வெட்டிப் பங்கு போட்டுப் பிசைகிறேன். முதல் இரவே வித்தியாசம் தெரிந்தது, ஆனால் எதிர்பாராத திசையில். காலையில் மாவு பாதிப் பாத்திரம்கூட வரவில்லை. செய்முறையில் எழுதியிருந்த 1 கிராமை நான் உண்மையில் போட்டதே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இப்போது அதே பட்டையிலிருந்து ஒன்றரைப் பங்கு எடுக்கிறேன். பத்து மணி நேரத்தில் முக்கால் பாத்திரத்துக்கு வருகிறது. சாராய வாடை இல்லை. ஈரக்காற்று சொன்னதும் உண்மைதான்: புழுக்கமான இரவில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஏறுகிறது. ஆனால் விளிம்பைத் தொடவில்லை.

இனி ஒரு கேள்வி. 0.01 கிராம் காட்டும் சிறு பாக்கெட் தராசு வாங்கினால் இந்த வெட்டும் வேலை மிச்சமாகுமா?

எடைக்கல்

மிச்சமாகும் அம்மா. அதில் 1.5 கிராமை நேராக நிறுக்கலாம். ஆனால் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தராசுகள் பெரும்பாலும் 100, 200 அல்லது 500 கிராம் வரைதான் தாங்கும். பழக்க தோஷத்தில் மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடலாம். அப்படி வளைந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது. ஈஸ்டைத் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் நிறுத்து, பிறகு மாவில் சேருங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டாலே கடைசி இலக்கங்கள் ஆடும்.

பூஜ்யத்தைத் தானே திருத்தும் ஏற்பாடு அதிலும் இருக்கும், அளவு மட்டும் சிறியது. எனவே அங்கேயும் துகள் துகளாகத் தட்டாதீர்கள். வேண்டியதில் முக்கால்வாசியை ஒரே கொட்டலாகப் போட்டுவிட்டு, மீதியைச் சேருங்கள். திரையில் ஏற்கெனவே ஓர் எடை நிற்கும்போது பூஜ்யத் திருத்தம் வேலை செய்யாது.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். சிறிய மோதிரத்தைப்போல ஏதாவது ஒன்றைத் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 50 கிராம் அளவுள்ள ஏதாவது ஒரு பொருளை வைத்து, அதன்மேல் அதே மோதிரத்தை வைத்து எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். இரண்டும் 0.02 கிராமுக்குள் ஒத்துப்போனால் நல்ல தராசு. பெட்டியோடு வரும் 100 கிராம் எடைக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது மேல் முனையை மட்டும்தான் காட்டும். நீங்கள் நிறுக்கப்போவது அடி முனையில்.

மாலதி_க

தம்பி, நன்றாக வந்த நாளின் அளவு தராசில் 7 கிராம்தான் காட்டியது. நேற்றைய கேக் சமமாக எழும்பியது. ஆனால் மேல்பகுதி முன்பைவிட வெளுத்திருக்கிறது. பேக்கிங் பவுடர் குறைந்ததாலா?

அடுமனைச்செல்வன்

இருக்கலாம் அக்கா. சோடா கூடினால் மேல்பகுதி சீக்கிரம் சிவக்கும். ஆனால் சர்க்கரையும் அடுப்பின் சூடும் அதைவிட அதிகம் பேசும். சர்க்கரையைக் கரண்டியால் அளக்கிறீர்களா, தராசிலா?

மாலதி_க

கிண்ணத்தால் அளக்கிறேன்.